ராணுவ வீரரின் பைக்கும் "பேராசை பெருநஷ்டம்" கோஷ்டியும்

பைக் வாங்கப் போய்ப் பணத்தைப் பறிகொடுத்தவனிடம் "பேராசை பெருநஷ்டம்" என்று பழமொழி எடுத்து விடுகிற கோஷ்டி ஒன்று எல்லா ஊரிலும் இருக்கிறது. எங்க ஆபீஸிலும் இருக்கு. அவங்களோட டீக்கடையில் நான் போட்ட சண்டைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

விஷயம் இதுதான். எங்க ஆபீஸ் பையன் ஒருத்தன், வீடு தாம்பரத்தில். பழைய பொருள் விற்கும் தளம் ஒன்றில் 2019 மாடல் ஸ்ப்ளெண்டர் ஒன்றைப் பார்த்தான். விலை 32 ஆயிரம், இடம் மீனம்பாக்கம். போன் போட்டால் எதிர்முனையில் இந்தி. "நான் ஆர்மி ஆள், சென்னை ஏர்போர்ட்டில் டியூட்டி. ஜம்முவுக்கு டிரான்ஸ்பர் ஆயிடுச்சு, அதான் அவசரமா விக்கறேன்" என்றிருக்கிறான். கேட்காமலேயே வாட்ஸப்பில் யூனிஃபார்ம் போட்ட போட்டோ, அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, ஆதார், வண்டியின் ஆர்.சி. எல்லாம் வந்து விழுந்தன. தமிழ் தெரியாதது சந்தேகத்தைக் கிளப்பவில்லை. வடக்கத்தி சிப்பாய் வேறெப்படிப் பேசுவான்?

"வண்டியை வந்து பாக்கறேன்" என்று பையன் கேட்டிருக்கிறான். கேட்டான் என்பதைக் கோஷ்டியினர் அடிக்கோடிட்டுக் கொள்ளவும். பதில்: "கேம்பஸுக்குள்ள வெளியாளை விடமாட்டாங்க. ஆர்மி பார்சலில் வீட்டுக்கே அனுப்பறோம். பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பிடு. அனுப்பற செலவு 3,150 மட்டும் இப்ப கட்டு, அதையும் வண்டி விலையில் கழிச்சுக்கலாம்."

3,150 போனது. அரை மணி நேரத்தில் முத்திரை குத்திய ரசீதும், பிளாஸ்டிக் சுற்றிய பைக் லாரியில் நிற்கும் போட்டோவும் வந்தன. மறுநாள் காலை டெலிவரிக்காரன் என்று இன்னொருத்தன் பேசினான். "வண்டி உங்க ஏரியாவுக்கு வந்துடுச்சு, பாதுகாப்பு டெபாசிட் 5,200 கட்டினாத்தான் இறக்க முடியும், வண்டியைக் கொடுத்ததும் திரும்ப வரும்" என்றான். கட்டினான். அப்புறம் லேட்டாகக் கட்டியதால் பில் பூட்டிக்கிச்சாம், அதைத் திறக்க 8,600. அதையும் கட்டினான். நாலாவதாக 9,999 கேட்டபோதுதான் நிறுத்தினான். போனது மொத்தம் 16,950 ரூபாய்.

இதுல பேராசை எங்கே இருக்கு? 32 ஆயிரம் ஒண்ணும் அடிமாட்டு விலை இல்லை. சந்தையைவிடக் கொஞ்சம் குறைவு, அந்தக் குறைவுக்கு ஒரு காரணமும் கையோடு வருகிறது: டிரான்ஸ்பர், அவசரம். 10 ஆயிரம் என்று போட்டிருந்தால் எவனும் நம்பமாட்டான் என்று அந்தத் திருடனுக்கே தெரியும். மூன்றாவது தவணையை ஆசையில் யாரும் கட்டுவதில்லை. முதல் இரண்டையும் காப்பாற்றிவிடலாம் என்ற பயத்தில் கட்டுகிறார்கள். "திரும்பக் கிடைக்கும்" என்ற வார்த்தை ஒவ்வொரு தடவையும் வருவது அதற்காகத்தான்.

அவன் விற்றது பைக்கே இல்லை. அந்த யூனிஃபார்ம் மேல் நமக்கு இருக்கிற மரியாதையை விற்றான். பையன் லேசாகத் தயங்கினதும் "ஃபவுஜி மேல நம்பிக்கை இல்லையா?" என்று குரலை உயர்த்தியிருக்கிறான். உடனே இவன் சாரி கேட்டிருக்கிறான்! எல்லையில் நிற்பவனைச் சந்தேகப்படுவது பாவம் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறோம். அதைத்தான் அவன் காசாக்கினான். அந்த அடையாள அட்டை நிஜமான ஒரு வீரருடையதாகக்கூட இருக்கலாம். எங்கேயோ எதற்கோ அனுப்பிய போட்டோவை எடுத்துக்கொண்டு அவர் முகத்தில் திருடுகிறார்கள். சிப்பாய்க்கு மரியாதை என்பது அந்தக் கார்டை நம்புவதில் இல்லை, கேள்வி கேட்பதில்தான் இருக்கிறது.

என்ன கேள்வி? முதலில், ஏர்போர்ட்டில் காவல் நிற்பது சி.ஐ.எஸ்.எஃப். அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிற படை, ராணுவம் இல்லை. "ஆர்மி, ஏர்போர்ட் டியூட்டி" என்று ஒருவன் இரண்டையும் குழப்பினால் அங்கேயே மணி அடிக்க வேண்டும். அடுத்து, மாறுதலில் போகிற அரசு ஊழியர் தன் வண்டியை எடுத்துப்போகும் செலவை விதிப்படி அரசே கொடுக்கிறது. சிப்பாய்கள் ரயில்வே பார்சல் ஆபீஸில் பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி பைக் ஏற்றுவதை சென்ட்ரலில் யாரும் பார்க்கலாம். அங்கேயே விற்றுவிட்டுப் போகிறவரும் உண்டு. ஆனால் பைக்கை வாங்குபவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுக் காசு வாங்கும் "ஆர்மி பார்சல்" ஒன்று கிடையவே கிடையாது.

இது எதுவும் தெரியாவிட்டாலும் ஒரே ஒரு கேள்வி போதும். வண்டி மீனம்பாக்கத்தில், வாங்குபவன் தாம்பரத்தில். நடுவில் ஒரு ஜி.எஸ்.டி. ரோடு. இதற்கு எதற்கய்யா பார்சல்? உள்ளே வெளியாளை விடமாட்டார்கள் என்பது நிஜம்தான். ஆனால் வண்டிக்கு வெளியே வரத் தடையில்லையே. நிஜமான சிப்பாய் கேட்டுக்கு வெளியே டீக்கடை வரைக்கும் ஓட்டிக்கொண்டு வருவார். வராத வண்டி இல்லாத வண்டி.

ஆர்.சி. போட்டோவை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். வண்டி நம்பரை mParivahan செயலியில் போட்டால் எந்த மாடல், எந்த ஆர்.டி.ஓ., லோன் பாக்கி உண்டா, இன்ஷூரன்ஸ் இருக்கா என்று வரும். ஆனால் நம்பர் சரியாக இருப்பதால் விற்கிறவன் சரி என்று ஆகாது. வேறு யாரோ போட்ட விளம்பரத்திலிருந்து போட்டோவோடு நம்பரையும் சுட்டிருக்கலாம். அதைவிடப் பணம் அனுப்பும்போது யூ.பி.ஐ.யில் வருகிற பெயரைப் பாருங்கள். இந்தக் கேஸில் அடையாள அட்டையில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் வேறொரு பெயர். கேட்டதற்கு "அது எங்க யூனிட் கணக்காளர்" என்றிருக்கிறான். அரசாங்கப் பணத்தை எந்த யூனிட்டும் தனியாள் கணக்கில் வாங்காது.

இப்போ மறுபடி நம்ம பழமொழி கோஷ்டிக்கு வர்றேன். உங்கள் நக்கலால் என்ன ஆச்சு தெரியுமா? நீங்க சிரிப்பீங்கன்னு பையன் நாலு நாள் யாரிடமும் வாயைத் திறக்கலை. இந்தத் திருட்டில் முதல் சில மணி நேரம்தான் பணத்துக்கு உயிர். உடனே 1930-க்கு போன் செய்தால், அல்லது cybercrime.gov.in-ல் புகார் போட்டால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. நேரம் ஆக ஆக அது நாலைந்து கணக்கு தாவி ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே போய்விடும். நாலு நாள் கழித்து புகார் கொடுத்தவனுக்குக் கிடைத்தது ஒரு புகார் எண் மட்டும்.

மேவாத், பரத்பூர் பக்கம் இந்த ஆர்மி வேஷத்தைத் தொழிலாகவே செய்கிற கும்பல்கள் உண்டு. 2023 ஏப்ரலில் ஹரியானா போலீஸ் நூ மாவட்டத்துக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான போலீஸாரோடு ரெய்டு நடத்த வேண்டி வந்தது. எழுதி வைத்த வசனத்தைத் தினமும் பேசிப் பழகினவர்கள் ஒருபக்கம். வாழ்க்கையில் முதல் தடவையா பைக் வாங்குற பையன் மறுபக்கம். இதில் தோற்றவனைப் பார்த்துச் சிரிக்க உங்களுக்கு என்ன தகுதி இருக்கு சாமிகளா?

அடுத்த தடவை யாராவது "ஏமாந்துட்டேன்" என்று வந்தால் பழமொழியை உள்ளே வைத்துவிட்டு, "எத்தனை மணிக்கு அனுப்பினே? 1930-க்கு அடிச்சியா?" என்று கேளுங்க.

டிஸ்கி: பையன் இப்போ ஷேர் ஆட்டோவில்தான் வருகிறான். ஆபீஸில் யாராவது அவனை "ஃபவுஜி" என்று கூப்பிட்டால் எனக்குச் சொல்லவும், அவருக்குத் தனிப்பதிவு உண்டு.