உண்மையை எழுதறேன்னு வீட்டு ஆளோட கேஸ் ஷீட்டை விரிக்காதீங்க (த்ரெட்)

1/ தன்வரலாறு எழுதறவங்க கிட்ட "வீட்டு ஆளுங்களைப் பத்தி இதெல்லாம் எழுதலாமா?"ன்னு கேட்டா, ரெடியா ஒரு பதில் வரும்: "கண்ணதாசன் வனவாசத்துல எழுதலையா?" எழுதினார். ஆனா தன்னையும் கூண்டில் ஏற்றினார். தன்னை "அவன்" என்று படர்க்கையில் நிறுத்தி, தன் சறுக்கலையும் சொன்னார். அதை உங்க அண்ணன் கதையைச் சொல்ல லைசென்ஸா காட்டாதீங்க.

2/ காந்தியைப் பாருங்க. 1925-லிருந்து நவஜீவனில் தொடராக எழுதினார். அப்பா சாகும் இரவில் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவர், சித்தப்பா வந்ததும் எழுந்து மனைவி அறைக்குப் போனார். சில நிமிஷத்தில் அப்பா போய்விட்டார். அந்த வெட்கம் காந்தியுடையது, எழுத உரிமை உண்டு. ஆனா அப்போ கஸ்தூரிபா கர்ப்பிணி, பிறந்த குழந்தை சில நாளில் இறந்ததுன்னும் எழுதினார். அது யாருடைய துக்கம்? எளிய குஜராத்தியே சிரமப்பட்டுப் படிக்கிற அந்த அம்மா அப்போ உயிரோடு இருந்தாங்க. இந்த இடத்தில் மகாத்மாவோடயே எனக்குச் சண்டைதான்.

3/ நான் ஜி.ஹெச். டாக்டர். மனநல சிகிச்சைக்கு வர்றவங்க விவரத்தை நான் வெளியே சொல்லக்கூடாதுன்னு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவு சொல்லுது. அதே ஆளோட தம்பி புத்தகத்தில் எழுதினா அந்தப் பிரிவு அவனைத் தொடாது. நான் ரெண்டுமே. என் கையெழுத்துப் பிரதியில் வீட்டில் ஒருத்தரோட நோய்ப் பெயர், மாத்திரை, அட்மிஷன் தேதி எல்லாம் இருந்தது.

4/ "பேரை மாத்திடுவேன்" என்பீங்க. மயிலாப்பூர்ல மாட வீதி தாண்டுறதுக்குள்ள யாருன்னு கண்டுபிடிச்சிடுவாங்க சார். ஊருக்குத்தான் பேர் மாறும், சொந்தத்துக்கு மாறாது. வரன் பார்க்கறவங்களும் அந்தச் சொந்தம்தான்.

5/ அதனால வரி வரியா ஒரே கேள்வி கேட்டேன்: இதில் நான் என்ன செஞ்சேன்? நோய்ப் பெயர் போச்சு, தேதி போச்சு. "அந்தத் தீபாவளிக்கு வந்தவங்க கிட்ட, அவர் பெங்களூர் போயிருக்கார்னு பொய் சொன்னேன். அவர் உள்ரூம்ல கேட்டுட்டு இருந்தார்" என்ற வரி நின்றது. அது என் குற்றம்.

6/ அப்புறம் அவர்கிட்டயே கொடுத்தேன். (இந்த த்ரெட்டையும் காட்டிட்டுத்தான் போடறேன்.) அடையாறு வீட்டு பால்கனியில் உக்காந்து முழுசாப் படிச்சார். தீபாவளிப் பொய்யை அப்படியே விட்டுட்டார். அடிச்சது வேற ஒரு வரியை. தி.நகர் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருத்தர்கிட்ட டிக்கெட்டுக்குக் காசு கேட்டு நின்னார்னு நான் பாசமா எழுதியிருந்த வரி. அது அவருக்கு வலிக்கும்னு எனக்குத் தோணவே இல்லை.