உறைக்கு முன்னே ஈறு

பல் மருத்துவப் பிரிவில் நாங்கள் தரும் மதிப்பீட்டுத் தாளைப் பற்றி எங்களுக்கே ஒரு மனக்குறை உண்டு. வேர் சிகிச்சை இவ்வளவு, உறை இவ்வளவு, அடைப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணங்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. எதை முதலில் செய்ய வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்பது மட்டும் இருப்பதில்லை. அதனால் நோயாளி தமக்குத் தோன்றிய வரிசையை வகுத்துக்கொள்கிறார். கண்ணாடியில் தெரியும் பல் முதலில், சொத்தைகள் பிறகு, ஈற்றைச் சுத்தம் செய்வது பணம் மிஞ்சினால் கடைசியில். இவ்வரிசை ஏறக்குறைய தலைகீழானது என்பதே எங்கள் கருத்து.

பொங்கல் முடிந்த வாரத்தில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் வந்தார். கரும்பைக் கடித்தபோது மேல் முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. பக்கவாட்டில் இருந்த சொத்தை அப்பல்லை முன்பே வலுவிழக்கச் செய்திருந்தது. உள்ளிருக்கும் பற்கூழ் வெளியே தெரிந்தது; மூச்சுக்காற்று பட்டாலே வலித்தது. வேறு நான்கு பற்களில் சொத்தை. அவற்றுள் ஒரு கடைவாய்ப் பல்லில் ஆழமானது. ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் இரத்தம் கசிந்தது. பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையிலான பள்ளம் 3 மில்லிமீட்டருக்குள் இருப்பது நலம். அவருக்குப் பல இடங்களில் 5, 6 என்று இருந்தது. ஏழு வாரத்தில் மகளின் திருமணம். “முதலில் கேப்பைப் போட்டுவிடுங்கள் டாக்டர், மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்றார்.

முதற்கேள்வி உறையைப் பற்றியதன்று. அந்தப் பல் நிலைக்குமா என்பதே. முறிவு வேருக்குள் நெடுக இறங்கியிருந்தால் வேர் சிகிச்சையும் உறையும் வீண்செலவாகிவிடும். அத்தகைய விரிசல் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரிவதில்லை. பல்லைச் சுற்றி அளக்கும்போது மற்ற இடங்களில் ஆழம் குறைவாக இருக்க, ஒரே ஓரிடத்தில் மட்டும் அளவுகோல் குறுகலாக ஆழ இறங்கினால் ஐயம் கொள்ள வேண்டும். இவருக்கு அவ்வாறு இல்லை. ஈற்றுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டர் உறுதியான பல் எஞ்சியிருந்தது; உறை பற்றிக்கொள்ள அது போதும்.

அன்றே இரண்டு வேலைகள் நடந்தன. முன்பல்லில் வேர் சிகிச்சையைத் தொடங்கித் தற்காலிகப் பல் ஒன்றைப் பொருத்தினோம். ஆழமான சொத்தையைச் சுரண்டித் தற்காலிகமாக அடைத்தோம். அதை விட்டுவைத்தால் அடுத்த வலி அங்கிருந்துதான் வரும். பின்வந்த வாரங்களில் வேர் சிகிச்சையை முடித்தோம். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈற்றுக்கு அடியில் வேரில் ஒட்டியிருந்த காறையைப் பகுதி பகுதியாக நீக்கினோம். பல்லிடுக்குகளுக்கான சிறு தூரிகையை அவர் நாள்தோறும் பயன்படுத்தினார். ஈற்றை ஒட்டியிருந்த இரண்டு சொத்தைகளை உடனே நிரந்தரமாக அடைக்கவில்லை. இரத்தம் கசியும் இடத்தில் பல் நிற அடைப்பு சரியாக ஒட்டாது. ஒட்டினாலும் விளிம்பில் மீண்டும் சொத்தை தொடங்கும்.

பிறகு காத்திருந்தோம். நோயாளிகளுக்குப் பொறுமை போவது இங்கேதான். ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். ஆனால் ஈற்றின் வீக்கம் வடிவது இந்த இடைவெளியில்தான். ஆறு வாரம் கழித்து மீண்டும் அளந்தபோது பெரும்பாலான பள்ளங்கள் 3, 4 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தன. முன்பல்லருகே ஈறு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மேலேறியிருந்தது. முதல் நாளே உறை போட்டிருந்தால், வீங்கிய ஈற்றுக்கு அடியில் மறைந்திருந்த அதன் விளிம்பு இப்போது சிரிக்கும்போதெல்லாம் கோடாகத் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட உறையைச் சரிசெய்ய வழியில்லை. அறுத்தெடுத்துப் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

திருமணப் படங்களில் அவர் சிரிப்பது தற்காலிகப் பல்லுடன்தான். யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று பிறகு சொன்னார். ஈற்றோர அடைப்புகளும் உறையும் திருமணத்துக்குப் பின்னர் முடிந்தன. எல்லாம் திட்டப்படி முடிந்தது என்று சொல்ல மாட்டோம். மேல் கடைவாய்ப் பல் ஒன்றின் பின்புறம் பள்ளம் இன்னும் 6 மில்லிமீட்டராகவே இருக்கிறது. அதற்குச் சிறு ஈறு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். முதல் நாளில் அதை எங்களால் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. மறு அளவீட்டுக்குப் பிறகே தெரியவந்தது. ஆகவே முதல் நாள் மதிப்பீட்டிலுள்ள மொத்தத் தொகையை முடிவானதாகக் கொள்ள வேண்டாம்.

உங்களுக்குத் தரப்படும் தாளில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் அருகே வரிசை எண்ணையும், எந்த வாரம் என்பதையும் எழுதித் தரும்படி கேளுங்கள். மறு அளவீட்டு நாளுக்கு முன்பாக நிரந்தர உறை குறிக்கப்பட்டிருந்தால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள். எங்களிடமும் கேளுங்கள்.