விடை சரி, வழி தவறு

விடை சரியாக வந்துவிட்டால் வழியும் சரியாகத்தான் இருந்திருக்கும் என்ற நம்பிக்கை மாணவரிடம் மட்டுமன்றி, விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துத் தாள் திருத்துவோரிடமும், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாத்தாள்களைத் தயாரிப்போரிடமும் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. அந்த நம்பிக்கையைத் தகர்க்க ஒரு சிறு கணக்கே போதும்: 1 முதல் 1000 வரையுள்ள முழு எண்களில், 3, 5 ஆகிய இரண்டில் எதனாலும் வகுபடாதவை எத்தனை?

முறையான வழி இதுதான். 1000ஐ 3ஆல் வகுத்து மீதியை விட்டால் 333 கிடைப்பதால், 3இன் மடங்குகள் 333. அவ்வாறே 5இன் மடங்குகள் 200. இவ்விரண்டையும் கூட்டும்போது 15, 30, 45 போன்ற எண்கள் 3இன் மடங்காக ஒரு முறையும் 5இன் மடங்காக மறுமுறையும் எண்ணப்பட்டுவிடுகின்றன. இப்படி இரட்டிப்பாக எண்ணப்பட்டவை 15இன் மடங்குகளான 66 எண்கள்; அவற்றை ஒரு முறை கழித்துவிட்டால், இரண்டில் ஒன்றாலேனும் வகுபடுபவை 333 + 200 − 66 = 467 என்றாகும். கூட்டியதில் இருமுறை சேர்ந்ததை ஒருமுறை நீக்கும் இவ்வழிக்குச் சேர்த்தல்-விலக்கல் கொள்கை என்று பெயர். 1000இலிருந்து 467ஐக் கழிக்க, விடை 533.

இனி, இதே கணக்கைத் தவறாகச் செய்யும் இருவரைக் கருதலாம். ஒருவர் இரட்டிப்பை மட்டும் மறந்து, 1000இலிருந்து 533ஐக் கழித்து 467 என்று எழுதுகிறார், அவருக்குச் சுழியம். இன்னொருவர் இரட்டிப்பையும் மறக்கிறார், 1000இலிருந்து கழிக்க வேண்டும் என்பதையும் மறக்கிறார். 333ஐயும் 200ஐயும் வெறுமனே கூட்டி 533 என்று எழுதிவிடுகிறார். அவருக்கு முழு மதிப்பெண். ஒரு பிழை செய்தவர் தோற்க, இரு பிழை செய்தவர் வெல்லும் இந்த விநோதத்தைக் காணாமல்தான், விடையை மட்டும் பார்க்கும் திருத்துநர் சரிக்குறி இட்டு அடுத்த தாளுக்குப் போகிறார். தோற்றவர் எழுதிய 467உம் எதிர்க்கேள்விக்குச் சரியான விடையாக அமைந்திருப்பதால், தம் பிழை எங்கே என்று அவருக்கும் எளிதில் புலப்படுவதில்லை.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. 1 முதல் 15 வரையுள்ள எண்களில் இரண்டாலும் வகுபடாதவை 1, 2, 4, 7, 8, 11, 13, 14 என எட்டு. 3இன் மடங்குகள் ஐந்தும் 5இன் மடங்குகள் மூன்றும் சேர்ந்தாலும் எட்டு. 1000 என்பது இத்தகைய 66 கட்டுகளும் எஞ்சிய பத்து எண்களும் ஆகும். 991 முதல் 1000 வரையுள்ள அந்தப் பத்தில் வகுபடாதவை ஐந்து. 3இன் மடங்குகள் மூன்றும் 5இன் மடங்குகள் இரண்டும் சேர்ந்தாலும் ஐந்தே. 10, 100, 1000 எனப் பத்தின் அடுக்கு எதை 15ஆல் வகுத்தாலும் மீதி 10தான் என்பதால், வினா அமைப்பவர் விரும்பிக் கையாளும் இந்த உருண்டை எண்கள் அனைத்திலும் பொய் வழி மெய் விடையைத் தருகிறது.

இந்த மாயம் 3, 5 என்ற இணைக்கே உரியது. 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத p, q என்ற இரு எண்களால் வகுபடாதவற்றின் பங்கு (1 − 1/p)(1 − 1/q). பிழையாகக் கூட்டுபவர் பெறும் பங்கு 1/p + 1/q. இவ்விரண்டையும் சமமாக வைத்துச் சுருக்கினால் (p − 2)(q − 2) = 3 என வரும். 3ஐ 1 × 3 என்று மட்டுமே பிரிக்க முடியும் என்பதால், 1ஐவிடப் பெரிய எண்களில் 3உம் 5உமே தேறுகின்றன. வழியைச் சோதிக்க விரும்புபவர் தவிர்த்திருக்க வேண்டிய ஒரே இணை, பாடப்பயிற்சிகளில் சலிப்பின்றித் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது.

5க்குப் பதிலாக 7ஐ வைத்தால் வேடம் கலைந்துவிடும்: 333உம் 142உம் கூடி 475 ஆக, 21இன் மடங்குகள் 47ஐக் கருத்தில் கொண்ட உண்மை விடை 1000 − 475 + 47 = 572 ஆகிவிடும். 4, 6 என்ற இணையோ இன்னொரு பிழையையும் வெளிக்கொணரும். பொது மடங்கை அறிய இரு எண்களையும் பெருக்கினால் போதும் என்று கருதுபவர் 24இன் மடங்குகள் 41ஐ இரட்டிப்பாகக் கொண்டு 625 என்பார்; ஆனால் இரண்டாலும் வகுபடும் மிகச்சிறிய எண், அதாவது மீச்சிறு பொது மடங்கு, 12 என்பதால் இரட்டிப்பாக எண்ணப்பட்டவை 83; உண்மை விடை 1000 − (250 + 166 − 83) = 667. 3க்கும் 5க்கும் பெருக்கற்பலனும் மீச்சிறு பொது மடங்கும் ஒன்றே என்பதால், இந்தப் பிழையும் பழைய வினாவில் வெளியே தெரியாமல் தப்பிவிடுகிறது.