கேள்வி – பதில்: கிணற்று மட்டத்துக்குக் கோடு, செலவுக் கணக்குக்கு வட்டம்!

கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய திறந்தவெளிக் கிணற்றின் ஆழம் 40 அடி. மாதம் முதல் தேதியில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தரையிலிருந்து எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது என்று நோட்டில் எழுதி வருகிறார். நவரை நெல்லுக்கு ஆன செலவும் அதே நோட்டில் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகள் இரண்டையும் கூகுள் ஷீட்ஸில் ஏற்றி, இரண்டுக்கும் வட்ட வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறார். செலவுப் படம் புரிகிறது, கிணற்றுப் படம் எதையும் சொல்லவில்லை, ஏன் என்பதுதான் கேள்வி. அடுத்த நவரைக்கு ஒரு ஏக்கர் முழுவதும் நெல் வைப்பதா, பாதியில் வேர்க்கடலை போடுவதா என்று அவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பதில்: வட்ட வரைபடம் ஒரு முழுப் பொருளைப் பங்கு போட்டுக் காட்டுவது. அதில் வரும் எண்களைக் கூட்டினால் கிடைப்பதற்கு ஒரு பொருள் இருக்க வேண்டும். கிணற்றுக் கணக்கு இந்த இடத்தில்தான் இடறுகிறது.

கிணற்றில் நின்ற தண்ணீரின் உயரம் அக்டோபரில் 18 அடி, நவம்பரில் 26, டிசம்பரில் 34, ஜனவரியில் 32, பிப்ரவரியில் 27, மார்ச்சில் 21, ஏப்ரலில் 14 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 172 அடி வருகிறது. 40 அடிக் கிணற்றில் 172 அடித் தண்ணீர் ஏது? டிசம்பரில் நின்ற தண்ணீரில் பெரும்பகுதிதான் ஜனவரியிலும் நிற்கிறது. ஒரே தண்ணீரை ஏழு முறை எண்ணியதால் வந்த மொத்தம் அது. அதைப் பங்கு போட்டால் விடை கிடைக்காது.

காலப்போக்கில் ஏறி இறங்கும் எதற்கும் கோட்டு வரைபடம்தான் ஏற்றது. முதல் பத்தியில் (A) தேதி, இரண்டாவதில் (B) கயிறு காட்டிய ஆழம், மூன்றாவதில் (C) தண்ணீரின் உயரம் என்று அமைக்க வேண்டும். கயிற்று ஆழத்தையே படமாக்கினால், தண்ணீர் இறங்க இறங்க எண் கூடும், கோடு மேலே ஏறும். பார்ப்பவருக்குக் கிணறு நிரம்புவது போலத் தோன்றும். அதனால் C2 கட்டத்தில் இந்தச் சூத்திரத்தைத் தட்டி, கீழே வரை இழுத்து விட வேண்டும்:

```
=40-B2
```

பிறகு A பத்தியைத் தேர்ந்தெடுத்து, Ctrl விசையை அழுத்திக்கொண்டே C பத்தியையும் தேர்ந்தெடுத்து, Insert, Chart என்று போக வேண்டும். Chart type என்ற இடத்தில் Line chart. அடுத்து Customize பகுதியில் Vertical axis திறந்து, Min என்ற கட்டத்தில் 0 என்று தட்டினால், படத்தின் அடிக்கோடே கிணற்றின் அடியாகிவிடும். கோடு அதைத் தொட்டால் கிணறு வற்றிவிட்டது என்று பொருள்.

இப்போது கோடு பேசும். ஜனவரி வரை ஒரு மாதத்தில் 2 அடிதான் இறங்கியது. அடுத்தடுத்த மாதங்களில் 5, 6, 7 அடி என்று சரிவு செங்குத்தாகிக்கொண்டே போகிறது. டிசம்பர் நடுவில் நாற்று விட்ட குறுகிய கால ரகம் மார்ச்சில் கதிர் தள்ளும். பயிருக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் கிணறும் வேகமாக இறங்குகிறது. நெல்லா, கடலையா என்ற கேள்விக்குப் பார்க்க வேண்டிய இடம் அந்தச் சரிவு. ஆனால், ஒரு வருடக் கோடு அந்த வருட மழையைத்தான் காட்டும். அடுத்த வருட அளவை D பத்தியில் சேர்த்து, இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் வைத்துப் பார்த்தால் முடிவு உறுதியாகும்.

இதில் தவறு நேரும் இடங்கள் உண்டு. கட்டத்தில் ‘22 அடி’ என்று தட்டினால் ஷீட்ஸ் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், படத்திலும் சேர்க்காது. 22 என்று மட்டும் தட்ட வேண்டும். எண்ணும் தேதியும் கட்டத்தின் வலது பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடது பக்கம் ஒட்டும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். தேதியை 2025-10-01 என்ற முறையில் தட்டினால் நாளும் மாதமும் இடம் மாறாது. அளவை எப்போதும் காலையில், மோட்டார் போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். ஒரு மாதம் மட்டும் இறைத்த பிறகு அளந்தால், கோட்டில் பொய்ப் பள்ளம் விழும்.

செலவுக் கணக்குக்கு மகள் போட்ட வட்டம் சரியானதே. ஒரு ஏக்கருக்கு உழவு 5,000 ரூபாய், விதையும் நாற்றங்காலும் 2,500, நடவு 6,000, உரம் 5,000, களையும் மருந்தும் 2,500, அறுவடை 4,000 என்று எளிய எண்களாக எடுத்துக்கொண்டால் மொத்தம் 25,000. இந்த மொத்தம் உண்மையான ஒன்று, கையை விட்டுப் போன பணம். Pie chart தேர்ந்தெடுத்தால் நடவு 24 சதவிகிதம், உழவும் உரமும் தலா 20, அறுவடை 16, மற்ற இரண்டும் தலா 10 என்று தெரியும். எங்கே செலவைக் குறைக்கலாம் என்று முதலில் யோசிக்க வேண்டிய இடம் நடவு.

இங்கே அடிக்கடி நேரும் பிசகு, ‘மொத்தம்’ என்ற கடைசி வரியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிடுவது. வட்டத்தில் ஒரு துண்டு சரியாகப் பாதியாக நின்றால், அதுதான் காரணம். வருமானத்தையும் செலவையும் ஒரே வட்டத்தில் போடுவதும் கூடாது. இரண்டு வருடச் செலவை ஒப்பிட இரண்டு வட்டங்களும் உதவாது. மொத்தச் செலவு 20,000-லிருந்து 25,000 ஆகி, உரம் 4,000-லிருந்து 5,000 ஆனாலும், இரண்டு வட்டத்திலும் உரம் 20 சதவிகிதம்தான். கூடிய 1,000 ரூபாய் கண்ணில் படாது. அதற்கு Column chart எனும் தூண் படம்தான் வேண்டும்.

நாளிதழில் வரும் ஏரி நிலவரத்தில் இந்த இரண்டு வகையையும் பழகிப் பார்க்கலாம். சென்னைக் குடிநீருக்கான ஏரிகளின் முழுக் கொள்ளளவு மில்லியன் கன அடியில் இப்படி: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, கும்மிடிப்பூண்டி வட்டத்திலுள்ள கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை 500. மொத்தம் 11,757. இது ஒரு முழுமை. வட்டமாகப் போட்டால் செம்பரம்பாக்கம் 31 சதவிகிதம், நம் பக்கத்து ஏரி சுமார் 4 சதவிகிதம் என்று தெரியும். அதே ஏரிகளில் வாரா வாரம் எவ்வளவு இருப்பு என்பதற்குக் கோடுதான்.

அந்தக் கோட்டிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை திறக்கப்பட்டது 2020 நவம்பரில். ஏரிகள் வறண்டு கிடந்த 2019 கோடையின் மொத்த இருப்பு நான்கு ஏரிகளின் கணக்கு, இன்றைய மொத்தம் ஐந்து ஏரிகளின் கணக்கு. இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்தால், மழை கூடாமலே கொஞ்சம் தண்ணீர் கூடியதுபோலத் தெரியும். ஐந்தாவது ஏரியைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். வாசகரும் கிணற்றைத் தூர் வாரி ஆழப்படுத்தினால் இதே சிக்கல் வரும். 45 அடியானால் சூத்திரத்தில் 40 மாற வேண்டும், ஆனால் தூர் வாரிய தேதிக்குப் பின் வரும் வரிகளில் மட்டும். அந்தத் தேதியில் கோடு 5 அடி துள்ளுவது மழையால் அல்ல என்பதையும் பக்கத்துக் கட்டத்தில் எழுதி வைக்க வேண்டும்.