பிறந்த வீட்டுச் சாமி எது?

என் மகனின் திருமணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்த அன்றுதான், எங்கள் குலதெய்வம் எதுவென்று எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. 'குலதெய்வம் துணை' என்று பெயரில்லாமல் அச்சிட்டுச் சமாளித்தோம். என் தந்தையார் இளம் வயதிலேயே திருநெல்வேலிச் சீமையை விட்டுச் சென்னைக்கு வந்தவர். அவர் மறைந்தபின், விவரம் சொல்லத் தென்காசியில் இருந்த எண்பத்தெட்டு வயது அத்தை ஒருவரே எஞ்சியிருந்தார்.

"நம்ம குலதெய்வம் எது அத்தை?" என்றேன். தயங்காமல் ஓர் அம்மன் கோயிலைச் சொன்னார். குடும்பத்தோடு சென்றோம். பூசாரி என் பாட்டனார் பெயரையும் பங்காளிகள் பெயரையும் விசாரித்துவிட்டு, "நீங்கள் இக்கோயில் வகையறா அல்ல" என்று கூறிவிட்டார். பிழை என்னுடையதே. மணமான பெண்ணுக்குக் கணவர் வீட்டுத் தெய்வமே குலதெய்வம். அத்தை தம் புகுந்த வீட்டுத் தெய்வத்தைத்தான் சொல்லியிருக்கிறார்.

மறுமுறை கேள்வியை மாற்றினேன். "அப்பாவுக்கு முதல் மொட்டை எங்கே எடுத்தார்கள்?" அத்தை சற்று நேரம் கண்ணை மூடியிருந்தார். "குளத்தங்கரைச் சாஸ்தா கோயில்லடா. பங்குனி உத்திரத்துக்கு வண்டி கட்டிப் போனோம். வாசல்ல ரெண்டு ஆலமரம்."

ஊர்ப் பெயர் அவருக்கு நினைவில்லை. பாட்டனாரின் பழைய கிரயப் பத்திரத்தில் அவருடைய பூர்விக ஊர் குறிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அப்பகுதியில் குளத்துக்குக் குளம் ஒரு சாஸ்தா உண்டு. மூன்றாவதாகச் சென்ற கோயிலில் ஆலமரம் ஒன்றே நின்றது. மற்றொன்று புயலில் சாய்ந்ததாம். அங்கிருந்த பூசாரி பிரசன்னமோ பரிகாரமோ பேசவில்லை. பழைய வரி நோட்டை எடுத்துப் புரட்டினார். கொடைக்கு வரி செலுத்திய தலைக்கட்டுகளின் வரிசையில் என் பாட்டனார் பெயர் இருந்தது. ஒரு கையொப்பத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுத்துப் பழகாத வங்கிக்காரன் நான். அதே வரி கொடுத்துவரும் பங்காளி வீட்டாரையும் தேடிச் சென்று கேட்டேன். எங்கள் பாட்டனாரை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இத்தனை ஆண்டுகள் வராததற்கு என்ன செய்ய வேண்டும் என்று பூசாரியிடம் அச்சத்தோடு கேட்டேன். "சாஸ்தாவுக்கு அபிஷேகம் செய்து, வஸ்திரம் சாத்தி, சர்க்கரைப் பொங்கல் வையுங்கள். காவல் தெய்வங்களுக்குத் தனிப் படையல். இனி வரியை நிறுத்தாதீர்கள்" என்றார். கூட்டம் மிகுந்த உத்திர நாளுக்குக் காத்திராமல் அடுத்த சனிக்கிழமையே அதை நிறைவேற்றினோம்.

ஆண்டு வழிபாட்டுக்குப் பங்குனி உத்திரம் என்று முடிவாயிற்று. அது பிள்ளைகளின் தேர்வுக் காலத்தில் வருவதுதான் இடையூறு. பங்குனி தமிழாண்டின் கடைசி மாதமாதலால், சித்திரையில் பஞ்சாங்கம் வாங்கியதும் தேதி தெரிந்துவிடுகிறது. தேர்வுள்ள வீட்டில் ஒருவரேனும் வந்தால் போதும் என்று பேசி வைத்தோம். ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன் திறக்கும். அது தம்பியின் வேலை. அத்தையைத் தென்காசியிலிருந்து காரில் அழைத்து வருவது என் பொறுப்பு.