"எட்டுவோம்" என்று எழுதாதீர்கள், ஐயா!

புனேயில் நம்மூர்க்காரர்கள் நாலு பேர் கூடினால் அதில் ஒருவராவது வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கப் போகிறார். நல்ல விஷயம்தான், வாழ்த்துகள். ஆனால் முதலீட்டாளரிடம் காட்ட அவர்கள் தயாரிக்கும் ஸ்லைடுகளில் ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. வருமானக் கணிப்பு என்று தலைப்புப் போட்டு, மேலே ஏறும் பச்சைக் கம்பிகள் மூன்று நிற்கும். கீழே கொட்டை எழுத்தில், "மூன்றாம் ஆண்டில் ரூ. 1.92 கோடி விற்பனையை எட்டுவோம்."

எட்டுவோமாம்! யார் சொன்னது?

கல்யாணத் தரகர் "மாப்பிள்ளை அடுத்த வருஷம் அமெரிக்கா போயிடுவார்" என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் சும்மா விடுவார்களா? விசா வந்துவிட்டதா, விண்ணப்பம்தான் போட்டிருக்கிறாரா, கம்பெனி கடிதம் கொடுத்ததா என்று துருவி எடுப்பார்கள். அதே பெரியவர்கள் ஸ்லைடில் கோடி என்று பார்த்ததும் தலையாட்டிவிடுகிறார்கள். இந்தத் தலையாட்டலை நம்பித்தான் இப்படி எழுதப்படுகிறது என்பது என் குற்றச்சாட்டு.

ஒரு உதாரணத்தைப் பிரித்துப் போட்டுப் பார்ப்போம். எனக்குத் தெரிந்த திருநெல்வேலித் தம்பதி இங்கே இட்லி மாவு அரைத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விற்கிறார்கள். தொடங்கி ஆறு மாதம். 12 குடியிருப்புகள், ஒவ்வொன்றிலும் சுமாராக 200 வீடுகள், ஆக 2,400 வீடுகள். அதில் 192 வீடுகள் வாடிக்கையாக வாங்குகின்றன. அதாவது நூற்றுக்கு எட்டு. ஒரு வீட்டுக்கு மாதம் 5 பாக்கெட், பாக்கெட் 80 ரூபாய். மாத விற்பனை 76,800 ரூபாய். ஆறு மாதத்துக்கு இது கௌரவமான எண்.

இந்த 1.92 கோடி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். எக்செல் தாளைத் திறந்தார்கள். 100 குடியிருப்பு, 20,000 வீடு, நூற்றுக்கு இருபது வீடு வாங்கும், மாதம் 16 லட்சம், அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 1.92 கோடி. கணக்கில் தப்பே இல்லை. தப்பு முழுக்க வாக்கியத்தில் இருக்கிறது.

முதலில், நூற்றுக்கு இருபது என்பது எந்தக் குடியிருப்பிலும் இதுவரை நடக்காதது. இரண்டாவது, ஆறு மாதத்தில் 12 பிடித்தவர்கள், அதாவது மாதத்துக்கு இரண்டு, அதே வேகத்தில் போனால் 36 மாதத்தில் 84-இல்தான் இருப்பார்கள், 100-இல் அல்ல. மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. மூன்றாம் ஆண்டின் கடைசி மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கிவிட்டு "மூன்றாம் ஆண்டில்" என்று எழுதுகிறார்கள். அந்த ஆண்டின் முதல் மாதத்தில் அவ்வளவு குடியிருப்புகள் இருக்காதே! எனவே அது அந்த ஆண்டின் விற்பனையே கிடையாது.

"எட்டுவோம்" என்ற ஒற்றைச் சொல் இந்த மூன்றையும் பாய் விரித்து மூடிவிடுகிறது. அதனால்தான் அந்தச் சொல்லின் மேல் எனக்கு இத்தனை கோபம்.

"சரி அண்ணா, 'எட்டுவோம் என எதிர்பார்க்கிறோம்'னு மாத்திடறேன்" என்றார் தம்பி. இதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். இது திருத்தம் அல்ல, சுண்ணாம்பு பூசுவது. எதிர்பார்ப்பு எதன் மேல் நிற்கிறது என்று படிப்பவருக்கு இன்னும் தெரியாது. இன்னொரு கூட்டம் கடைசி ஸ்லைடில் பொடி எழுத்தில், "இவை மாறுதலுக்கு உட்பட்டவை" என்று போடும். மியூச்சுவல் ஃபண்டு விளம்பரத்தின் முடிவில் ஒருவர் மூச்சு விடாமல் ஓட்டுவாரே, அந்த மாதிரி. அதைக் கேட்டு யாராவது எதையாவது புரிந்துகொண்டதுண்டா?

அனுமானம் என்று சொல்ல வேண்டுமானால் அதில் மூன்று இருக்க வேண்டும். ஒரு எண். அந்த எண் இன்று எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது. அது பொய்த்தால் எப்போது, எதைப் பார்த்துத் தெரியும் என்பது. தமிழில் இதற்கு வசதியான இலக்கணமே இருக்கிறது. "எட்டுவோம்" என்று வினை முடியும் இடத்தில், "தொடர்ந்தால்", "என்று வைத்துக்கொண்டால்" என்று வாக்கியத்தைத் தொடங்குங்கள். "ஆல்" வந்துவிட்டால் அதற்கு முன்னால் ஒரு நிபந்தனையைச் சொல்லியே ஆகவேண்டும், தப்பிக்க முடியாது.

அவர்கள் கடைசியில் எழுதியது இது:

"இன்று 12 குடியிருப்புகளில் 192 வீடுகள் வாங்குகின்றன. சென்ற மாத விற்பனை ரூ. 76,800. மாதத்துக்கு இரண்டு புதிய குடியிருப்புகள் என்ற இப்போதைய வேகம் தொடர்ந்தால் 36 மாதத்தில் 84 குடியிருப்புகளில் இருப்போம். நூற்றுக்கு எட்டு வீடு, வீட்டுக்கு 5 பாக்கெட், பாக்கெட் ரூ. 80 என்ற இன்றைய நிலை அங்கும் இருந்தால், அந்த மாதத்தின் விற்பனை சுமார் ரூ. 5.4 லட்சம். நூற்றுக்கு ஆறு என்றால் சுமார் ரூ. 4 லட்சம். பன்னிரண்டு என்றால் சுமார் ரூ. 8 லட்சம். புதிய குடியிருப்பு ஒவ்வொன்றிலும் நான்காம் மாதத்தில் இந்த விகிதத்தை எண்ணி உங்களுக்கு அனுப்புவோம்."

கவனியுங்கள், முதல் இரண்டு வாக்கியங்களில் "ஆல்" இல்லை. நடந்ததை நடந்தது என்று நிமிர்ந்து சொல்ல வேண்டும். பயந்துபோய் அதையும் "சுமாராக, தோராயமாக, எங்கள் கணிப்பில்" என்று இழுத்தால் கையில் இருக்கும் ஒரே உறுதியான சரக்கும் கரைந்துவிடும்.

அதோடு, இப்படி எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு உண்மை வெளியே வந்தது. அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? முதலில் பிடித்த மூன்று குடியிருப்புகளில் 600 வீடுகளுக்கு 72, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டு. மற்ற ஒன்பதில் 1,800-க்கு 120 வீடுகள்தான், நூற்றுக்கு ஏழுகூட இல்லை. "பழைய இடத்துல நாளாக ஆக ஏறுது அண்ணா, மத்ததும் ஏறிடும்" என்றார் தம்பி. தங்கச்சி குறுக்கே வந்து, "இல்லங்க, அந்த மூணுலயும் நம்ம ஆளுங்க ஜாஸ்தி, கேரளாக்காரங்களும் இருக்காங்க" என்றார். வாக்கியத்தில் "இந்த எண் எங்கிருந்து வந்தது" என்று எழுத வேண்டிய கட்டாயம் இல்லாவிட்டால் இந்தப் பேச்சே நடந்திருக்காது. மராத்திக் குடும்பங்கள் காலையில் போஹா சாப்பிடும் வீடுகளில் விகிதம் எவ்வளவு என்பதுதான் இந்தத் தொழிலின் உண்மையான கேள்வி. 1.92 கோடி அதை மறைத்துக்கொண்டிருந்தது. எனவே பன்னிரண்டை மேல் எல்லையாக மட்டும் வைத்தார்கள். இருபதைத் தூக்கி எறிந்தார்கள்.

இதற்கு வழக்கமாக வரும் பதில் எனக்குத் தெரியும். "இன்வெஸ்டர் எப்படியும் பாதியா வெட்டிருவாரு, அதனால ரெண்டு மடங்கா போட்டாத்தான் சரியா வரும்." தொழிலாகவே முதலீடு செய்பவர் வெட்டிப் பார்ப்பார், உண்மைதான். அவரிடம் உங்கள் பெருக்கலும் பலிக்காது. முதல் கேள்வியே "இருபது எப்படி?" என்றுதான் வரும், உங்களிடம் பதில் இருக்காது. ஆனால் நம்மைப் போன்ற வெளியூர்க் குடும்பங்களில் முதல் பணம் அவரிடமிருந்தா வருகிறது? சித்தப்பாவின் ஓய்வுக்காலப் பணம், ஆபீஸ் நண்பரின் ஐந்து லட்சம், பக்கத்து வீட்டு மாமியின் டெபாசிட். இவர்கள் யாரும் பாதியாக வெட்டமாட்டார்கள். "நம்ம பையன் சொன்னான்" என்று முழுசாக எடுத்துக்கொள்வார்கள். தொண்ணூறுகளில் ஃபைனான்ஸ் கம்பெனிகளிலும் தேக்குமரத் திட்டங்களிலும் போட்டுவிட்டு நின்ற தலைமுறை அது. தொழில் நஷ்டமானால் மன்னிப்பார்கள். வாக்குத் தவறினான் என்றால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

உறவு மட்டுமல்ல, சட்டமும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 36-ஆம் பிரிவு, தெரிந்தோ பொறுப்பில்லாமலோ பொய்யான, ஏமாற்றக்கூடிய கூற்று, வாக்குறுதி, முன்கணிப்பு ஆகியவற்றைச் சொல்லி முதலீடு செய்யத் தூண்டுவதை மோசடியாகவே பார்க்கிறது. முன்கணிப்பு என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது, "கணிப்புதானே" என்று கை கழுவ முடியாது. 1872-இன் ஒப்பந்தச் சட்டத்தில் 18-ஆம் பிரிவு இன்னும் நுணுக்கமானது. உண்மையல்லாத ஒன்றை, நீங்களே உண்மை என்று நம்பினாலும், கையில் உள்ள தகவல் இடம் கொடுக்காதபோது உறுதியாகச் சொன்னால் அது தவறான கூற்று ஆகலாம். இப்போதே நூற்றுக்கு இருபது வீடு வாங்குகிறது என்ற தொனியில் எழுதினால் அந்த வாசலில் போய் நிற்கிறீர்கள்.

அதற்காக "ஆல்" போட்டுவிட்டால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். நூற்றுக்கு ஏழு என்று தெரிந்துகொண்டே "இருபது என்று வைத்துக்கொண்டால்" என்று எழுதினால் அதுவும் ஏமாற்றுதான், இலக்கணம் மட்டும் சரியாக இருக்கும். மூன்றில் ஒரு பெரிய குடியிருப்புச் சங்கம் அடுத்த மாதம் விற்பனையை நிறுத்தச் சொல்லியிருக்கிறது என்று தெரிந்தும் அதை விட்டுவிட்டால், எந்த வார்த்தையும் காப்பாற்றாது.

கடைசியாக ஒன்று. ஸ்லைடில் திருத்திவிட்டுப் பங்கு ஒப்பந்தத்தில் கோட்டை விடுபவர்கள் உண்டு. அந்த ஒப்பந்தத்தில் நிறுவனர் உறுதிமொழிகள் என்று நீளமான பட்டியல் இருக்கும். தொழில் திட்டத்தை இணைப்பாகச் சேர்த்து, "இதில் உள்ள அனைத்தும் உண்மை, சரியானவை" என்று ஒரு வரி வந்துவிட்டால், உங்கள் கணிப்பு அத்தனையும் ஒரே கையெழுத்தில் வாக்குறுதியாகிவிடும். அந்த வரியைப் பிரிக்கச் சொல்லுங்கள். கடந்த கால எண்களுக்கு உண்மை என்ற உறுதி. கணிப்புகளுக்கு, நல்லெண்ணத்துடன், குறிப்பிட்ட அனுமானங்களின்படி தயாரிக்கப்பட்டவை, எட்டப்படும் என்ற உத்தரவாதம் இல்லை என்ற வாசகம். நியாயமான வக்கீல் யாரும் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். மறுத்தால், அவர்கள் உங்களிடம் வாங்க நினைப்பது பங்கா, கடன் பத்திரமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.