காலை 5.40 பஸ்ஸை யார் எடுப்பது?

ஏப்ரல் 1, 2014. மும்பையில் பெஸ்ட் பஸ்களில் பெரும்பாலானவை டிப்போவை விட்டு நகரவில்லை. டிரைவர், கண்டக்டர்களின் கோபம் டியூட்டி அட்டவணை மீது. 'கனடா அட்டவணை' என்று பெயர் வாங்கிய அந்தக் கம்ப்யூட்டர் தயாரிப்பு, எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு இழுக்கிறது என்பது புகார். காலை நெரிசலுக்கு நாலு மணி நேரம், மாலை நெரிசலுக்கு நாலு மணி நேரம் என்றால் கணக்கு சரிதான். நடுவில் கிடைக்கும் நாலு மணி நேரத்தில் கல்யாணில் இருக்கும் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியுமா என்பதைக் கம்ப்யூட்டர் கேட்பதில்லை.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பன்னிரண்டு மணி நேரத்தை உச்சவரம்பாக வைத்தது. இன்னொரு நிபந்தனையும் அதில் இருந்தது. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்க ஒன்பது மணி நேர இடைவெளி வேண்டும் என்றது அது. கடைசி நேர மாற்றங்களில் அடிபடுவது பெரும்பாலும் இந்த ஒன்பதுதான்.

மான்குர்த்திலிருந்து காலை 5.40க்குக் கிளம்ப வேண்டிய பஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முந்தைய இரவு டிரைவர் லீவு சொல்லிவிடுகிறார். டியூட்டி போடும் குமாஸ்தாவுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது பக்கத்துச் சீத்தா கேம்ப்பில் இருப்பவர். கூப்பிட்டால் வந்துவிடுவார். ஆனால் அவர் அன்று பஸ்ஸை விட்டு இறங்கியது இரவு 11.15க்கு. அந்த ஒன்பது மணி நேரக் கணக்குப்படி காலை 8.15க்கு முன்னால் அவரைத் தொடக்கூடாது. எனவே பெயரைத் தேடுமுன் நேற்றைய தாளைப் பார்க்க வேண்டும். கிடைப்பவர் தூரத்தில் இருந்தாலும் ஸ்பேர் டிரைவர்தான் சரி.

அடுத்தது தகவல். "நாளைக்குச் சீக்கிரம் வா" என்றால் பாதிதான் சொன்னதாகும். டியூட்டி எண் என்ன, எத்தனை மணிக்கு ஆஜர், டிப்போவிலா ஸ்டேஷன் அருகிலா, எங்கே யாரிடம் பஸ்ஸை ஒப்படைப்பது, கண்டக்டர் யார் என்பதெல்லாம் போய்ச் சேர வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். போர்டில் பழைய பெயரை அடித்து, மாற்றிய நேரத்தோடு புதுப் பெயர் எழுத வேண்டும். போனில் ஒன்று, போர்டில் வேறொன்று என்றால் ஒரே பஸ்ஸுக்கு இரண்டு டிரைவர்கள் வந்து நிற்பார்கள். இன்னொரு பஸ்ஸில் கண்டக்டர் மட்டும் உட்கார்ந்திருப்பார்.

பெஸ்ட்டில் வாடகை பஸ்கள் புகுந்தபின் ஜோடி சேர்ப்பதில் புதுச் சிக்கல். டிரைவர் ஒப்பந்தக்காரரின் ஆள். கண்டக்டர் பெஸ்ட் ஊழியர். ஒரே மாற்றத்தை இரண்டு அலுவலகங்கள் இரண்டு பேருக்குச் சொல்லியாக வேண்டும். ஒன்று தூங்கினாலும் 5.40 கிளம்பாது.